கடைசித் தவணையை நிறுத்திவைக்கும் கடிதம்

வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் வீட்டுக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே மனஸ்தாபம் மூளுவது பெரும்பாலும் கடைசித் தவணையின்போதுதான்; ஏனெனில் அதுவரை வேலையும் பணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்க, அந்தக் கட்டத்தில்தான் ஒருவர் வேலை முடிந்துவிட்டது என்றும் மற்றவர் முடியவில்லை என்றும் ஒரே அறையில் நின்றுகொண்டே சொல்லும் நிலை உண்டாகிறது. அந்த வேளையில் வீட்டுக்காரர் அனுப்பும் கடிதம், காகிதத்தில் எழுதப்பட்டாலும் கைப்பேசியில் தட்டப்பட்டாலும், இரண்டு பேர் படிக்கக்கூடியது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாமவர் அதைப் படித்துவிட்டு ஆட்களை அனுப்ப வேண்டிய ஒப்பந்தக்காரர். இரண்டாமவர், காரியம் முற்றினால் பிற்பாடு அதைப் பரிசீலிக்கப்போகும் மத்தியஸ்தரோ நீதிபதியோ. இவ்விருவருக்கும் தெரியவேண்டியது ஒன்றேதான்: எந்த எந்த வேலை, எந்த நிலைக்கு வந்தால், எவ்வளவு பணம், எப்போது கைக்கு வரும்? இந்தக் கேள்விக்கு விடையாகாத வாக்கியத்தைக் கடிதத்திலிருந்து நீக்குவதும், விடையாக வேண்டியும் விடுபட்டுப் போனதைச் சேர்ப்பதுமே செப்பனிடும் வேலையாகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் முதல் மாடியில் உள்ள ஒரு வீட்டின் குளியலறையையும் சமையலறையையும் புதுப்பிக்க ரூ. 4,80,000க்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ரூ. 4,20,000 கொடுத்தாகிவிட்டது. மீதி ரூ. 60,000, வேலை முழுவதும் முடித்து ஒப்படைத்தபின் தரவேண்டியது என்று ஒப்பந்தத்தின் நான்காவது பத்தி சொல்கிறது. வேலை முடிந்ததாகச் சொல்லி ஒப்பந்தக்காரர் பணம் கேட்க, வீட்டுக்காரர் இரவில் உட்கார்ந்து இவ்வாறு எழுதுகிறார்:

"காண்ட்ராக்டர் சார், எத்தனை தடவை போன் செய்தும் நீங்கள் எடுப்பதில்லை. பாத்ரூம் வேலை முழுக்க மோசம். வாட்டர் ப்ரூஃபிங் போடவே இல்லை, போட்டதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள். பெட்ரூம் சுவர் பூரா ஓதம். தண்ணீர் ஓடவே மாட்டேன் என்கிறது. டைல்ஸ் எல்லாம் பொள்ளல். சிங்க் ஒழுகுகிறது. பெயிண்ட் நான் நினைத்த கலரே இல்லை. உங்கள் ஆட்களுக்கு மரியாதையே தெரியவில்லை. எல்லாவற்றையும் உடனே சரிசெய்து கொடுக்கும்வரை ஒரு பைசா தரமாட்டேன். இல்லையென்றால் எங்கே போகவேண்டுமோ அங்கே போவேன்."

இதில் எழுதியவரின் வேதனை உண்மையானது. குறைகளும் பெரும்பாலும் உண்மையானவையே. ஆனால் இதைப் பெற்றுக்கொண்ட ஒப்பந்தக்காரர், மறுநாள் காலை எந்தக் கொத்தனாரை எந்தச் சாமானோடு அனுப்புவது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. மறுத்துப் பேசுவதற்கு மட்டும் இதில் அவருக்கு இடம் தாராளமாக இருக்கிறது.

முதலில் நீக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். ஆட்களின் மரியாதையைப் பற்றிய வாக்கியம் போகவேண்டும். அதைச் சரிசெய்தால்தான் பணம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. பெயிண்டின் நிறத்தைப் பற்றியதும் போகவேண்டும். ஏனெனில் நிற அட்டையைப் பார்த்து எண்ணைச் சொன்னவர் வீட்டுக்காரரே, சுவரில் பூசியபின் அது எதிர்பார்த்ததைவிட வெளிறித் தெரிவது பூசியவரின் குற்றமாகாது. இத்தகைய பலவீனமான குறை ஒன்று பட்டியலில் இருந்தால், பதில் எழுதுகிறவர் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் அதனோடு சேர்த்துத் தள்ளிவிடுவார். 'ஏமாற்றிவிட்டீர்கள்' என்ற சொல் கட்டாயம் போகவேண்டும். ஒருவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பது பார்த்து அறியக்கூடிய விஷயம். அவர் வஞ்சக எண்ணத்தோடு செய்தார் என்பது நிரூபிக்கவேண்டிய குற்றச்சாட்டு. அதைக் குடியிருப்போர் குழுவிலும் பகிர்ந்துவிட்டால் அவதூறு என்ற புதிய விவகாரம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கடிதம் ஒப்பந்தக்காரர் ஒருவருக்கே போகட்டும்.

இனி, இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். குறையைச் சொல்லும்போது கண்ணால் கண்டதைச் சொல்லவேண்டும். அதற்குக் காரணம் இன்னதென்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 'வாட்டர் ப்ரூஃபிங் போடவே இல்லை' என்பது ஒரு காரணத்தைப் பற்றிய யூகம். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுவதற்குத் தரையின் நீர்க்காப்புப் பூச்சு காரணமாக இருக்கலாம். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயின் இணைப்புக் கசிவதும் காரணமாக இருக்கலாம். வடிகால் குழாய் தரையோடு சேரும் இடத்தில் இடைவெளி இருப்பதும் காரணமாக இருக்கலாம். குளியலறையை இரண்டு நாள் உபயோகிக்காமல் காயவிட்டும் ஈரம் வளர்ந்துகொண்டே போனால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கிற குழாயின்மேல் சந்தேகம் விழும். குளித்தபிறகு மட்டும் வளர்ந்தால் தரையின் மேலும் வடிகாலின் மேலும் விழும். இதையெல்லாம் கண்டுபிடிப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. வீட்டுக்காரர் நீர்க்காப்புப் பூச்சே போடவில்லை என்று எழுதி, ஒப்பந்தக்காரர் அந்த ரசாயனம் வாங்கிய பில்லையும் பூசும்போது எடுத்த படத்தையும் காட்டிவிட்டால், சுவர் ஈரமாக இருப்பது அப்படியே இருக்க, வழக்கு மட்டும் வீட்டுக்காரரின் கையைவிட்டு நழுவிவிடும். 'குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கும் மூன்றடி நீளத்துக்கும் ஓதம் ஏறியிருக்கிறது' என்று எழுதினாலோ, அதை மறுக்க ஒருவராலும் முடியாது.

ஓதத்தின் எல்லையைப் பென்சிலால் சுவரிலேயே கோடிட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதி, அளவு நாடாவைச் சேர்த்துப் பிடித்துப் படமெடுப்பது நல்ல வழக்கம். சில நாள் கழித்துக் கோட்டுக்கு வெளியே ஈரம் போயிருந்தால், அது வளர்கிறதென்பதைத் தனியாக வாதிட வேண்டிய அவசியமே இராது. டைல்களைப் பற்றி 'எல்லாம் பொள்ளல்' என்று எழுதுவதும் இதே காரணத்தால் தவறு. ஒரு நாணயத்தையோ சிறு மரக்குச்சியையோ கொண்டு ஒவ்வொரு டைலின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப்பார்த்து, அடியில் சிமெண்டுக் கலவை நிறையாமல் வெற்றிடமாக ஒலிப்பவற்றின்மேல் காகித நாடாவை ஒட்டி எண்ணவேண்டும். ஒரு மூலை மட்டும் லேசாக ஒலிப்பதைப் பட்டியலில் சேர்ப்பது உசிதமன்று; சுவரில் அப்படிச் சில இருப்பது சகஜம், அவை பல வருஷம் நிற்கும். பாதிக்குமேல் வெற்றொலி தருபவையும், விளிம்பு விண்டவையும், கையால் அழுத்தினால் அசைபவையுமே எடுத்துப் பதிக்க வேண்டியவை. நம்முடைய உதாரண வீட்டில் 'எல்லாம்' என்று எழுதப்பட்டவை இவ்வாறு எண்ணிப் பார்த்தால் ஆறாகின்றன. ஆறு என்று எழுதிய கடிதம், எல்லாம் என்று எழுதிய கடிதத்தைவிட எவ்வளவோ வலிமையுள்ளது.

குறையைச் சொன்ன அதே மூச்சில், அது தீர்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'சரிசெய்யவும்' என்ற ஒரு சொல்லை நம்பி விட்டால், ஒப்பந்தக்காரர் ஓதத்தின்மேல் பட்டியும் பெயிண்டும் பூசிவிட்டுச் சரிசெய்தாயிற்று என்று பணம் கேட்பார்; மேலுக்குப் பார்த்தால் அவர் சொல்வது உண்மையாகவே தோன்றும். ஈரச் சுவரில் பூசிய பெயிண்டு சிறிது காலத்தில் கொப்பளித்து உரிந்துவிடும் என்பது பணம் போனபிறகுதான் தெரியவரும். அதனால்தான் சோதனை வேண்டும். வடிகால் வாயைத் துணியாலோ ரப்பர் மூடியாலோ அடைத்து, வாசற்படியைத் தாண்டாதபடி தரையில் ஓரங்குலத் தண்ணீரை நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துச் சுவரின் மறுபக்கத்தையும் கீழ்வீட்டுக் கூரையின் அடிப்புறத்தையும் பார்ப்பது கட்டடக்காரர்கள் எல்லாரும் அறிந்த முறை. கீழ்வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வது மரியாதையுமாகும், பிற்பாடு ஒரு சாட்சியமுமாகும்.

இங்கே இரண்டு குறைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் வாசற்படியருகே தேங்குவது தரையின் வாட்டம் சரியில்லாததால் ஏற்படுவது. வாட்டத்தைத் திருத்தத் தரை டைல்களை உடைத்தால், அடியில் உள்ள நீர்க்காப்புப் பூச்சும் காயம்படும். ஓதத்தை முதலில் சரிசெய்து சோதனையும் நடத்திவிட்டு, அப்புறம் வாட்டத்துக்காகத் தரையை உடைத்தால் அந்தச் சோதனையே வீணாகும். ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்து, முடிவில் சோதனை வைக்கும்படி கடிதம் கேட்கவேண்டும்.

பணத்தைப் பற்றிய வாசகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஒரு பைசா தரமாட்டேன்' என்பது மறுப்பு. மறுத்தவர் தாமே ஒப்பந்தத்தை மீறியவராகத் தோற்றமளிப்பார். உண்மை நிலையோ வேறு: வேலை முடிந்தபின் தரவேண்டிய தவணை, வேலை முடியாதவரையில் இன்னும் தரவேண்டிய கட்டத்துக்கு வரவில்லை. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஒருவருடைய வாக்குறுதி நிறைவேறிய பிறகே மற்றவருடையதைக் கேட்க முடியும் என்றிருக்குமானால், முதலில் செய்யவேண்டியதைச் செய்யாதவர் மற்றவரிடம் உரிமை கோர முடியாது. எனவே பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, பணம் தயாராக இருக்கிறது என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். கொடுக்கத் தயாராக இருப்பவர் நிறுத்திவைப்பது வேறு, கொடுக்கும் எண்ணமே இல்லாதவர் நிறுத்திவைப்பது வேறு என்பதை ஒப்பந்தக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

எவ்வளவு நிறுத்துவது? உதாரண வீட்டுக்காரர் வேறொரு கொத்தனாரையும் பிளம்பரையும் அழைத்துக் காட்டியதில், நான்கு குறைகளையும் தீர்க்க ரூ. 38,000 ஆகுமென்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுபதினாயிரம் முழுவதையும் நிறுத்திவைக்கத் தமக்கு உரிமை உண்டென்று அவர் வாதிடலாம். ஒப்பந்த வாசகமும் அதற்கு இடம் தருகிறது. இருந்தாலும், ரூ. 45,000ஐ நிறுத்திக்கொண்டு ரூ. 15,000ஐ உடனே அனுப்பிவிடுவதே மேலானது என்பது என் திடமான அபிப்பிராயம். திரும்பி வரும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றன்று கூலி கொடுக்கவேண்டியவர் ஒப்பந்தக்காரர். அடுத்த வேலைக்கு வாங்கிய முன்பணத்திலிருந்து இந்த வேலையின் பாக்கியை முடிப்பதே பலருடைய வழக்கம். கையில் ஒன்றும் வராத இடத்துக்கு ஆட்களை அனுப்புவதைவிடப் புதிய இடத்துக்கு அனுப்புவதே லாபம் என்று அவருக்குத் தோன்றிவிட்டால், நிறுத்திவைத்த தொகையை அவர் மறந்துவிடக்கூடும். வீட்டுக்காரர் பழுதோடு நிற்பார். சிறிது பணம் போவது அவரை மறுபடி வீட்டுக்குள் அழைத்துவரும். அதை வங்கி மூலம் மட்டுமே அனுப்பி, கணக்கில் வரவு வைக்கவே தருவதாகவும், இதனால் வேலையை ஏற்றுக்கொண்டதாக ஆகாதென்றும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

கெடுவைப் பொறுத்தவரை, 'உடனே' என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை, தேதியைச் சொல்லவேண்டும். சுவர் காய்வதற்குக் காலம் பிடிக்குமாதலால், பெயிண்டுக்கு மட்டும் தனித் தேதி வேண்டும். வீடு எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். போனோம், கதவு பூட்டியிருந்தது என்ற பதில் இந்த விவகாரங்களில் ஓயாமல் கேட்கப்படுவது. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் நடைமுறையாகச் சொன்னால் போதும்.

செப்பனிட்ட கடிதம் இதோ:

"ஜூன் 9

அன்புள்ள காண்ட்ராக்டர் அவர்களுக்கு,

ஜனவரி 20ஆம் தேதி ஒப்பந்தப்படி இதுவரை ரூ. 4,20,000 தங்களுக்குச் செலுத்தியிருக்கிறேன். மீதி ரூ. 60,000, நான்காவது பத்தியின்படி வேலை முழுவதும் முடிந்தபின் தரவேண்டியது. அது தயாராக இருக்கிறது. ஜூன் 7, 8 தேதிகளில் பார்த்ததில் கீழே உள்ள நான்கு வேலைகள் பாக்கி இருக்கின்றன. படங்களை இதே எண்ணிட்டு அனுப்பியிருக்கிறேன்.

1. குளியலறைத் தரை: குளித்து அரைமணி நேரமான பிறகும் வாசற்படிக்கு உட்புறம் இரண்டடி நீளத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. படியருகே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால், தள்ளிவிடாமலே வடிகாலுக்கு ஓடும்படி வாட்டத்தைத் திருத்தித் தரவேண்டும்.

2. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர்: தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், மூன்றடி நீளம் ஓதம் ஏறியிருக்கிறது. காரணத்தைத் தாங்கள் பார்த்துச் சரிசெய்து தரவேண்டும். முதல் வேலையையும் இதையும் சேர்த்துச் செய்து, பிறகு வடிகாலை அடைத்து ஓரங்குலத் தண்ணீர் 24 மணி நேரம் நிறுத்தி இருவரும் பார்ப்போம். சுவரில் புதிய ஈரம் வரக்கூடாது. பட்டியும் பெயிண்டும் சுவர் காய்ந்த பிறகு போதும்.

3. சமையல் மேடைக்கு மேலே, ஜன்னலுக்கு இடப்புறம் ஆறு டைல்கள் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கின்றன. ஒன்றில் விளிம்பு விண்டிருக்கிறது. நாடா ஒட்டி அடையாளம் செய்திருக்கிறேன். எடுத்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். மிச்ச டைல்கள் எட்டு வீட்டில் இருக்கின்றன.

4. சிங்க்குக்கு அடியில் கழிவுக் குழாய் இணைப்பு சொட்டுகிறது. சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டால் கீழே வைத்த காகிதம் நனையக்கூடாது.

ரூ. 60,000இல் ரூ. 15,000ஐ இன்று தங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். இது கணக்கில் வரவு வைக்கவே. மேற்கண்ட வேலைகளை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. மூன்றும் நான்கும் முடிந்த அன்றே ரூ. 10,000 தருகிறேன். தண்ணீர்ச் சோதனை சரியாக அமைந்த மறுநாள் ரூ. 30,000 தருகிறேன். கடைசி ரூ. 5,000 பெயிண்டு முடிந்ததும்.

ஜூன் 19க்குள் வேலையைத் தொடங்கி, பெயிண்டு தவிர மற்றவற்றை ஜூன் 30க்குள் முடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயிண்டுக்கு ஜூலை 31 வரை பொறுக்கிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 9 முதல் மாலை 6 வரை வீட்டில் ஆள் இருப்பார்கள். ஜூன் 19க்குள் தொடங்க இயலாவிட்டால், வேறு தேதியை அதற்குமுன் எழுதித் தெரிவியுங்கள். பதிலும் வராமல் வேலையும் தொடங்காவிட்டால், வேறு ஆட்களைக் கொண்டு இவற்றை முடித்து, பில்களின்படி செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தங்களுக்குத் தந்துவிடுவேன்.

இந்தப் பட்டியலில் தங்களுக்கு ஆட்சேபணை இருந்தால், எந்த எண்ணில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். நேரில் வந்து பார்க்க விரும்பினால் ஒரு நேரம் சொல்லுங்கள், உடனிருந்து காட்டுகிறேன்."

போன் எடுக்காததைப் பற்றிய புகார் இதில் எங்கும் இல்லை. அதற்குப் பதிலாகப் பதில் சொல்லவேண்டிய தேதி இருக்கிறது. எங்கே போகவேண்டுமோ அங்கே போவேன் என்ற வாசகத்தின் இடத்தில், வேறு ஆட்களைக் கொண்டு முடித்துச் செலவைக் கழிப்பேன் என்ற திட்டவட்டமான அடுத்த படி நிற்கிறது. அந்த வேலைக்கு ஆளை அழைப்பதற்கு முன்னால் மறுபடியும் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். டைலை உடைத்தபிறகு அடியில் தெரிவதையும் எடுக்கவேண்டும். ஏனெனில் பழுதைத் தீர்த்துவிட்டால் பழுது இருந்ததற்குச் சாட்சியும் அதோடு போய்விடும். மலிவாகத் தீர்க்கக்கூடியதை அதிக விலையில் தீர்த்துவிட்டு முழுச் செலவையும் அவர்மேல் ஏற்றவும் கூடாது. நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைக் குறைத்துக்கொள்ள இருந்த வழிகளையும் பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது.

இத்தகைய கடிதத்துக்குப் பதில் பெரும்பாலும் எழுத்தில் வராது, தொலைபேசியில் வரும். 'நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் சார், பாதியாவது கொடுங்கள், நாங்களும் பிழைக்கவேண்டாமா?' என்று அவர் கேட்கும்போது, கோபப்படாமலும் இளகிவிடாமலும், படிப்படியாகத் தருவதாக எழுதியிருப்பதை நினைவூட்டி, பேச்சு முடிந்த கையோடு, 'இன்று தாங்கள் பேசியபடி நாளைக் காலை கொத்தனார் ஒருவரும் சித்தாள் ஒருவரும் வருகிறார்கள். பணம் 9ஆம் தேதிக் கடிதத்தில் சொன்னபடி' என்று இரண்டு வரி அனுப்பிவிட வேண்டும். அவர் கூடுதல் வேலை செய்ததாகச் சொல்லி வேறொரு தொகையைக் கேட்டால், அதை இந்தக் கணக்கில் கலக்கவிடாமல், தனிப் பட்டியல் தரச்சொல்லித் தனியாகப் பேசவேண்டும். அதில் நியாயமானது இருந்தால் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

கெடு முடிந்தும் அசைவில்லையானால், இதே கடிதத்தின் பிரதியை விரைவுத் தபாலில் பதிவுசெய்து அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளலாம். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவையாகவே கருதப்படுகிறது. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்யலாம். இந்த உதாரணத்தின் அளவுள்ள தொகைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. அங்கே முதலில் கேட்கப்படுபவை ஒப்பந்தமும், பணம் செலுத்திய விவரமும், குறைகளை எழுத்தில் தெரிவித்ததற்கான ஆதாரமுமே. வேலை நல்லபடியாக முடிந்து கடைசி ஐயாயிரமும் போகும் நாளில், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக ஒரு ரசீதும், குளியலறையில் மறுபடி கசிவு வந்தால் எவ்வளவு காலம் வரை இலவசமாகப் பார்த்துத் தருவார் என்பதை அவர் கையாலேயே எழுதிய ஒரு வரியும் வாங்கிக்கொண்டு, சிங்க்குக்கு அடியில் வைத்த காகிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை அனுப்பலாம்.